99 ரூபாய் சந்தாவை 49 ஆக்கலாமா? நான்கு 'பி'யில் எங்கே ஓட்டை?

கோவை_முரளி | ஆகஸ்ட் 9, 2025

வணக்கம். டிஎன்பிஎஸ்சி குரூப் 4 பயிற்சித் தேர்வுகளுக்காக ஒரு ஆண்ட்ராய்டு ஆப் நடத்துகிறேன். நானும் நண்பர் ஒருவரும் மட்டும்தான். மாதச் சந்தா 99 ரூபாய், ஆண்டுச் சந்தா 799. பணம் முழுக்க கூகுள் பிளே வழியாகத்தான் வருகிறது.

ஏப்ரல் 25 அன்று அறிவிப்பு வந்தது. மே மாதத்தில் மட்டும் 412 பேர் மாதச் சந்தா எடுத்தார்கள். எங்களுக்கு அது பெரிய எண்ணிக்கை. அவர்களில் ஜூனில் புதுப்பித்தவர்கள் 231, ஜூலையில் 150. ஜூலை 12 தேர்வு முடிந்தது. இப்போது ஆகஸ்டில் 38 பேர்தான் இருக்கிறார்கள். ஆண்டுச் சந்தா எடுத்தவர்கள் மொத்தமே 11 பேர்.

கல்லூரியில் மார்க்கெட்டிங் பாடத்தில் நான்கு 'பி' என்று படித்த பொருள், விலை, இடம், விளம்பரம் ஆகிய நான்கையும் ஒரு தாளில் எழுதி வைத்துப் பார்த்தேன். பொருள் நன்றாக இருக்கிறது என்று பயனர்களே சொல்கிறார்கள். பிளே ஸ்டோரில் இருப்பதால் 'இடம்' பிரச்சினை இல்லை. விளம்பரத்துக்கு 18,000 ரூபாய் செலவழித்தேன். மிச்சம் இருப்பது விலைதான். 49 ரூபாய்க்கு இறக்கலாம் என்று நண்பர் சொல்கிறார். சரியா?

---

ஸ்டார்ட்அப்_தினேஷ்

தாராளமாக இறக்குங்கள் ப்ரோ. நெட்ஃப்ளிக்ஸே இந்தியாவில் விலையை இறக்கித்தானே ஆள் சேர்த்தது? 199 இருந்த மொபைல் பிளான் 2021 டிசம்பரில் 149 ஆனது. அவர்களுக்கே அந்த நிலை என்றால் நமக்கு? இங்கே விலைதான் எல்லாம். 'இடம்' என்பதெல்லாம் சோப்பு, பிஸ்கட் விற்கிறவர்களுக்கான பாடம். ஆப்புக்குக் கடையும் இல்லை, லாரியும் இல்லை, எல்லா ஊரிலும் ஒரே நேரத்தில் கிடைக்கிறது. அந்த 'பி'யை அடித்துவிட்டு மூன்றாக வைத்துக்கொள்ளலாம்.

---

நீர்வண்டி_ராஜா

தம்பி, நான் மதுரையில் தண்ணீர் கேன் சந்தா நடத்துகிறேன், அதற்கும் ஆப் வைத்திருக்கிறேன். என் அனுபவத்தில் இடம்தான் முக்கியம். ஒரே தெருவில் பத்து வீடு கிடைத்தால்தான் வண்டி டீசலுக்குக் கட்டும். நீங்கள் எந்தெந்த ஏரியாவுக்குக் கொடுக்கிறீர்கள்? வீடு பூட்டியிருக்கும் வாரத்தில் சந்தாவை நிறுத்தி வைக்க ஒரு பட்டன் கொடுங்கள். அது கொடுத்த பிறகுதான் எனக்கு 'கேன்சல்' குறைந்தது.

---

கோவை_முரளி

ராஜா அண்ணா, நாங்கள் எதையும் கொண்டுபோய்க் கொடுப்பதில்லை, பாடமும் தேர்வும் போனிலேயே. ஆனால் நிறுத்தி வைக்கும் பட்டன் பற்றி நான் யோசிக்கவே இல்லை. குறித்துக்கொண்டேன்.

---

வசந்தி_மேட்டூர்

முரளி, சந்தா வணிகத்தில் பதினைந்து வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவள் நான். முதலில் கேபிள் டிவி, பிறகு ஆப்கள். விலையைத் தொடும் முன் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லுங்கள். மே மாதம் சேர்ந்து ஜூனில் காணாமல் போன 181 பேரும் எப்படிப் போனார்கள்? தானாக ரத்து செய்தவர்கள் எத்தனை பேர், பணம் எடுக்க முடியாமல் நின்றுபோனவர்கள் எத்தனை பேர்? இரண்டும் வெவ்வேறு நோய், மருந்தும் வேறு. பிளேயின் சந்தா விவரத்தில் `canceledStateContext` என்று ஒரு பகுதி வரும். பயனர் ரத்து செய்தாரா, கூகுள் பக்கத்திலிருந்து ரத்து ஆனதா என்று அதில் பிரித்துச் சொல்லியிருக்கும். தானாக ரத்து செய்தவர்கள் எந்தத் தேதியில் செய்தார்கள் என்பதையும் எடுங்கள். அந்தத் தேதிதான் எனக்கு முக்கியம்.

தினேஷ் தம்பிக்கு: நெட்ஃப்ளிக்ஸ் கதையில் பாதிதான் சொன்னீர்கள். 2019 ஜூலையில் 199 ரூபாய் பிளான் வந்தபோது அது போனிலும் டேப்லெட்டிலும் மட்டும்தான் ஓடியது. ஒரு நேரத்தில் ஒரே திரை, படத்தின் தரமும் சாதாரணம். டிவியில் பார்க்க வேண்டுமென்றால் மேலே உள்ள பிளானுக்குத்தான் போக வேண்டும். அவர்கள் பொருளை வெட்டி ஒரு சின்னப் பொருளைச் செய்து, அதற்குச் சின்ன விலை போட்டார்கள். 2021இல் எல்லாப் பிளானையும் இறக்கியபோதும் அந்த வேலி அப்படியே இருந்தது. முரளி அதே பொருளை 49க்குக் கொடுத்தால் 99 கொடுக்க யார் மிஞ்சுவார்கள்?

---

ஸ்டார்ட்அப்_தினேஷ்

சரி மேடம், வேலி விஷயம் ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் 49 என்றால் இரண்டு மடங்கு ஆள் வருவார்கள் இல்லையா? அப்போது வரவு சமம்தானே?

---

வசந்தி_மேட்டூர்

சமமாவதற்கே இரண்டு மடங்குக்குச் சற்று மேல் ஆள் வேண்டும். 99இல் 18% ஜிஎஸ்டி உள்ளே இருந்தால் வரி போக ஏறக்குறைய 84. சந்தாக்களுக்கு பிளே எடுப்பது 15%. ஆக முரளி கையில் நிற்பது சுமார் 70 ரூபாய். 49இல் நிற்பது 35. ஆள் இரண்டு மடங்கானால் சந்தேகம் கேட்டு வரும் செய்திகளும் இரண்டு மடங்கு. பதில் சொல்ல இருப்பது இரண்டே பேர்.

---

கோவை_முரளி | ஆகஸ்ட் 11

வசந்தி மேடம், இரண்டு நாள் உட்கார்ந்து பிரித்துவிட்டேன். 181இல் 74 பேர் பணம் எடுக்க முடியாமல் நின்றவர்கள். 107 பேர் தாங்களே ரத்து செய்தவர்கள்.

அந்த 107இல் 61 பேர் சேர்ந்த மூன்று நாளுக்குள் ரத்து செய்திருக்கிறார்கள்! பார்த்ததும் மனசு உடைந்துபோனது. மூன்று நாளிலேயே பிடிக்காமல் போகும் அளவுக்கா என் ஆப் இருக்கிறது?

---

வசந்தி_மேட்டூர்

மனசு உடைய வேண்டாம். அந்த 61 பேரும் ரத்து செய்த பிறகு தேர்வு எழுதினார்களா என்று பாருங்கள். பணம் கட்டிய மாதம் முடியும்வரை அவர்களுக்கு ஆப் திறந்துதான் இருக்கும்.

---

கோவை_முரளி

பார்த்தேன். 61இல் 48 பேர் இருபத்தைந்தாம் நாள் தாண்டியும் தேர்வு எழுதியிருக்கிறார்கள். ஒருவர் ரத்து செய்த பிறகு மட்டும் 31 முழு மாதிரித் தேர்வு முடித்திருக்கிறார். எனக்குப் புரியவில்லை. பிடித்திருந்தால் ஏன் ரத்து செய்ய வேண்டும்?

---

தேர்வர்_திண்டிவனம்

அண்ணா, நான் பதில் சொல்லலாமா? உங்கள் ஆப் எதுவென்று தெரியாது. இதே மாதிரி வேறொரு ஆப்பில் நானும் அப்படித்தான் செய்தேன்.

பணம் கட்டும்போதே 'ஆட்டோபே' ஒப்புதல் கேட்கும். என் அக்கவுண்டில் ஒவ்வொரு மாதமும் 99 ரூபாய் இருக்கும் என்று சொல்ல முடியாது. அம்மாவுக்கு மாத்திரை வாங்க வைத்திருக்கும் பணம் அதில் கிடக்கும். அதை எனக்குத் தெரியாமல் எடுத்துவிட்டால்? அதனால் கட்டிய அன்றைக்கே யுபிஐ ஆப்பில் போய் ஆட்டோபேயை ரத்து செய்துவிட்டேன். அடுத்த மாதம் வேண்டுமென்றால் நானே கட்டிக்கொள்வேன். ஆனால் அடுத்த மாதம் படிப்பு மும்முரத்தில் மறந்துபோய், டெலிகிராமில் கிடைத்த இலவசப் பிடிஎஃப்பை வைத்து ஓட்டிவிட்டேன். ஆப் நன்றாகத்தான் இருந்தது.

என்னோடு படிக்கும் பெண்கள் சிலர் அப்பாவின் போனிலிருந்து கட்டுகிறார்கள். அவர்களுக்கு மாதாமாதம் கேட்பதே கஷ்டம். ஒருமுறை கேட்டு வாங்கிவிடலாம்.

---

வசந்தி_மேட்டூர்

நன்றி தம்பி. முரளி, இவர் சொன்னதை மூன்று முறை படியுங்கள்.

நம் ஊரில் தானாகப் பணம் எடுப்பது என்பது வாங்குபவரின் கண்ணெதிரே நடக்கும் ஒரு நிகழ்வு. ரிசர்வ் வங்கியின் விதி 2021 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. பணம் எடுப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பு அறிவிப்பு போக வேண்டும், அங்கேயே விலகவும் வழி இருக்க வேண்டும். வாங்குபவருக்கு அது நியாயமான பாதுகாப்பு. ஆனால் விற்பவருக்கு என்ன அர்த்தம்? மாதாமாதம் 'நாளை 99 ரூபாய் எடுக்கப்படும், வேண்டுமா?' என்று வங்கியே உங்கள் வாடிக்கையாளரிடம் கேட்கிறது. ஒவ்வொரு மாதமும் நீங்கள் முதலிலிருந்து விற்கிறீர்கள்.

அதனால்தான் 'இடம்' இல்லை என்று தினேஷ் சொன்னதை நான் ஏற்கவில்லை. ஆப்பின் இடம் பிளே ஸ்டோர் பக்கத்தோடு முடிவதில்லை. பணம் கைமாறும் வழியும் இடம்தான். கிரெடிட் கார்டு, யுபிஐ ஆட்டோபே, ஒருமுறை கட்டும் யுபிஐ, அப்பாவின் போன், ஒவ்வொன்றும் ஒரு கடை. 'அப்பா போன்' கடையில் உங்கள் சரக்கு மாதம் ஒருமுறை தடுக்கி விழுகிறது.

அந்த 74 பேருக்கு: பிளேயில் க்ரேஸ் பீரியட் எத்தனை நாள் வைத்திருக்கிறீர்கள்?

---

கோவை_முரளி

ஏன் இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்று நிறுத்தி வைத்திருந்தேன், மேடம். பணம் வராவிட்டால் உடனே `SUBSCRIPTION_ON_HOLD` வரும், ஆப்பும் பூட்டிக்கொள்ளும்.

---

வசந்தி_மேட்டூர்

ஏழு நாள் வையுங்கள். மே 28 அன்று சேர்ந்தவருக்கு ஜூன் 28 அன்று பணம் எடுக்கப் போகிறது, அக்கவுண்ட் காலி. ஒன்றாம் தேதி வீட்டில் பணம் வருகிறது. மூன்று நாள் பொறுத்திருந்தால் கூகுளே மறுபடி முயன்று எடுத்திருக்கும். நீங்கள் 28ஆம் தேதியே பூட்டினீர்கள். தேர்வுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது பூட்டிய கதவின் முன் அவர் காத்திருக்க மாட்டார். 74 பேரும் திரும்பி வருவார்கள் என்று சொல்லவில்லை. ஆனால் கையில் இருக்கும் மாற்றங்களில் ஒரு பைசா செலவில்லாதது இதுதான்.

---

பயிற்சிமையம்_திண்டுக்கல்

நான் சின்னதாக ஒரு பயிற்சி மையம் நடத்துகிறேன். பேச்சு சுவாரசியமாகப் போகிறது. முரளி சார், அந்த 412 பேரும் எங்கிருந்து வந்தார்கள்? 18,000 ரூபாய் விளம்பரத்திலா?

---

கோவை_முரளி

இல்லை சார். விளம்பரத்திலிருந்து வந்தவர்கள் 96 பேர்தான். மற்றவர்களில் பெரும்பாலானோர் ஒரு தமிழாசிரியர் தம் டெலிகிராம் சேனலில் எங்கள் தினசரி பத்துக் கேள்விகளைப் போட்டதைப் பார்த்து வந்தவர்கள். அவருக்கு நான் எதுவும் கொடுக்கவில்லை, கேட்கவும் இல்லை அவர்.

---

வசந்தி_மேட்டூர்

கணக்குப் போட்டுப் பாருங்கள். 18,000ஐ 96ஆல் வகுத்தால் ஒருவரைக் கொண்டுவர 187 ரூபாய்க்கு மேல். ஒருவர் சராசரியாக எத்தனை மாதம் இருந்தார்? 412, 231, 150, 38 எல்லாம் கூட்டினால் 831. அதை 412ஆல் வகுத்தால் இரண்டு மாதத்துக்குச் சற்று மேல். மாதம் 70 கையில் நின்றால் ஒருவரால் மொத்தம் 140 ரூபாய். விளம்பரத்தில் வந்த ஒவ்வொருவருக்கும் நீங்கள் கைக்காசிலிருந்து 46, 47 ரூபாய் கொடுத்திருக்கிறீர்கள். விலையை 49 ஆக்கினால் அந்த 140 பாதியாகும். விளம்பரம் கொடுப்பது அப்புறம் நினைத்துப் பார்க்கவே முடியாத விஷயமாகிவிடும். ஒரு பெட்டியில் மாற்றியது இன்னொரு பெட்டியில் வெடிக்கும் என்று சொல்வது இதைத்தான்.

நான்கையும் தாளில் தனித்தனியாக எழுதி ஒவ்வொன்றாக டிக் அடித்தீர்கள். மெக்கார்த்தி 1960இல் இந்த நான்கையும் வகுத்தபோது பொருள் ஒருமுறை விற்றுக் கைமாறும் உலகம் அவர் முன்னால் இருந்தது. சந்தாவில் பொருள் கைமாறுவதே இல்லை, வாடகைக்குத்தான் போகிறது.

---

ஸ்டார்ட்அப்_தினேஷ்

மேடம், அப்படியானால் என்ன விலை? ஆண்டுச் சந்தாவை 399 ஆக்கலாமா? நீண்ட காலம் பிடித்து வைக்கலாம்.

---

தேர்வர்_திண்டிவனம்

ஆண்டு எதற்கு அண்ணா? அறிவிப்பு வந்ததிலிருந்து தேர்வு வரை எத்தனை நாள் என்று எண்ணிப் பாருங்கள். ஏப்ரல் 25 முதல் ஜூலை 12 வரை 78 நாள். அறிவிப்பு வந்த அன்று எங்கள் அறையில் சுவரில் எழுதினோம், தினமும் ஒன்று குறைப்போம். அந்த 78தான் எங்களுக்கு வருடம்.

---

வசந்தி_மேட்டூர்

இந்த இழையில் இதுவரை வந்ததிலேயே பெரிய தகவல் இதுதான். 78 நாளில் மாதச் சந்தா மூன்று முறைதான் பணம் கேட்க முடியும். சேர்ந்த அன்று ஒன்று, 30ஆம் நாள் ஒன்று, 60ஆம் நாள் ஒன்று. தாமதமாகச் சேர்ந்தவரிடம் இரண்டே முறை. ஆகவே 'தேர்வு வரை' என்று 90 நாள் பாஸ், ஒருமுறை கட்டணம் 249 என்று வையுங்கள். ஆட்டோபே கிடையாது என்பதை விலைக்குப் பக்கத்திலேயே பெரிதாக எழுதுங்கள். ஸ்பாட்டிஃபையும் இந்தியாவுக்கு வந்தபோது ஒரு நாள், ஒரு வாரம் என்று முன்பணப் பாஸ் வைத்தது.

இப்போது ஒருவர் சராசரியாகக் கட்டுவது சுமார் 200 ரூபாய். 412 பேரில் 331 பேர் 249க்கு வாங்கினாலே அதே வரவு. நூற்றுக்கு எண்பது. 99ஐவிட 249 பெரிய தொகைதான், சிலர் பின்வாங்குவார்கள். எண்பதைத் தாண்டுமா என்பதை நடத்திப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

---

பயிற்சிமையம்_திண்டுக்கல்

மேடம் சொல்வதில் எனக்கு ஒரு மறுப்பு உண்டு. தேர்வு வரை என்று விற்றால் தேர்வோடு முடிந்தது. அந்த 38 பேரும் ஆகஸ்டில் ஏன் இருக்கிறார்கள்? அவர்கள் குரூப் 2க்குப் படிக்கிறார்கள். ஜூலை 15 அன்றே குரூப் 2 அறிவிப்பு வந்துவிட்டது, செப்டம்பர் 28 முதல்நிலைத் தேர்வு. அங்கேயும் 200 கேள்விகளில் 100 மொழிப் பகுதி. என் வகுப்பில் பட்டம் முடித்த பிள்ளைகள் குரூப் 4 எழுதிய மறுநாளே அடுத்ததை ஆரம்பித்துவிட்டார்கள். முரளி சார் ஆப்பில் குரூப் 2 இல்லை. பாஸ் விலையைப் பற்றிப் பேசுகிறோம், ஆனால் ஜூலை 13 அன்று ஆப்பைத் திறந்தவனுக்கு உள்ளே என்ன இருந்தது?

---

கோவை_முரளி

'தேர்வு முடிந்தது, வாழ்த்துகள்' என்று ஒரு படம் இருந்தது சார். கீழே அதே பழைய மாதிரித் தேர்வுகள்.

---

பயிற்சிமையம்_திண்டுக்கல்

அன்றைக்கு எல்லாருடைய கையிலும் வினாத்தாள் இருந்தது. எத்தனை சரி, கட் ஆஃப் தாண்டுமா என்பது மட்டுமே பேச்சு. எங்கள் மையத்து வாசலில் இரவு ஒன்பது மணி வரை பிள்ளைகள் நின்றார்கள். உங்கள் ஆப்பில் விடைகளைப் பதிந்து மதிப்பெண் பார்க்கும் பக்கம் ஒன்று இருந்திருந்தால், அதற்குப் பக்கத்திலேயே குரூப் 2 இருந்திருந்தால்? ஆனால் ஒன்று, எல்லாரும் அங்கே போக முடியாது. குரூப் 4க்குப் பத்தாம் வகுப்புத் தகுதி போதும், குரூப் 2க்குப் பட்டம் வேண்டும். பத்தாவதோடு நின்ற பிள்ளைக்கு அடுத்த குரூப் 4 வரை நீங்கள் என்ன விற்றாலும் எடுபடாது.

---

வசந்தி_மேட்டூர்

ஏற்றுக்கொள்கிறேன் சார். நான் விலையிலிருந்து வந்தேன், நீங்கள் பொருளிலிருந்து வந்திருக்கிறீர்கள். பட்டதாரிகளைச் சேரும்போதே தெரிந்துகொள்ள ஒரு கேள்வி வைத்தால் போதும்: 'எந்தத் தேர்வுகளை எழுதப் போகிறீர்கள்?' ஆனால் பட்டதாரிக்கு மாதச் சந்தா, மற்றவருக்குப் பாஸ் என்று பிரிப்பதா, எல்லாருக்கும் தேர்வுக்குத் தேர்வு பாஸா என்பதில் எனக்கு உங்களோடு இன்னும் வேறுபாடு இருக்கிறது. என் அனுபவத்தில் இந்த வயதினர் இரண்டாவது பாஸை வாங்குவார்கள், ஆட்டோபேயைத் தொட மாட்டார்கள்.

---

பயிற்சிமையம்_திண்டுக்கல்

என் வகுப்பில் வேலைக்குப் போய்க்கொண்டே படிப்பவர்கள் ஆட்டோபேயில்தான் இருக்கிறார்கள் மேடம். சம்பளம் வருகிறவருக்கு அது தொந்தரவே இல்லை. சரி, முரளி சார் இரண்டையும் வைத்துப் பார்க்கட்டும்.

இன்னொரு விஷயம். வரும் பேட்சுக்கு 40 பாஸ் மொத்தமாக வாங்கினால் தலைக்கு 180க்குக் கொடுப்பீர்களா? மையத்தின் புத்தகத்தோடு ஒரு கூப்பன் கோடு ஒட்டிக் கொடுத்துவிடுவேன். பிள்ளைகள் கட்டணத்தோடு சேர்த்துக் கட்டிவிடுவார்கள். அப்பாவிடம் தனியாகக் கேட்க வேண்டியதில்லை.

---

கோவை_முரளி | ஆகஸ்ட் 14

கண்டிப்பாகக் கொடுக்கிறேன் சார். நீங்கள் எங்களுக்கு நேரடியாகக் கட்டுவதால் பிளே கமிஷனும் கிடையாது. வரி போக 152 நிற்கும். பிளேயில் 249க்கு விற்றால் 179 நிற்கிறது. ஆனால் இங்கே விளம்பரச் செலவே இல்லை. ஆப்புக்குள்ளே மட்டும் பிளே வழியாகத்தான் விற்பேன், கூப்பன் கோடு வைத்திருப்பவர் அதை உள்ளே போட்டுத் திறந்துகொள்ளலாம்.

முடிவு செய்தது: 49 ரூபாய் யோசனையைக் கைவிட்டேன். க்ரேஸ் பீரியட் ஏழு நாள், இன்றே மாற்றிவிட்டேன். 90 நாள் பாஸ் 249, மாதச் சந்தா 99 இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். விளம்பரத்தை நிறுத்தி, அந்தப் பணத்தில் குரூப் 2 பொது அறிவுக் கேள்விகள் எழுத ஒருவரை அமர்த்துகிறேன். செப்டம்பர் 28க்குள் முழுமையாகாது, தெரியும். தமிழாசிரியரிடமும் பேசினேன். தம் சேனலில் வருகிறவர்களுக்குப் பத்துக் கேள்விகளை இருபதாக்கிக் கொடுங்கள், அது போதும் என்றார்.

---

தேர்வர்_திண்டிவனம்

அண்ணா, ஒரு சந்தேகம். 'தேர்வு வரை' பாஸ் வாங்கிய பிறகு தேர்வைத் தள்ளி வைத்துவிட்டால்? 90 நாள் முடிந்து தேர்வுக்கு முந்தின வாரம் ஆப் பூட்டிக்கொண்டால் எல்லாரும் கோபப்படுவார்கள்.

---

கோவை_முரளி

இதை நான் யோசிக்கவில்லை தம்பி. பிளேயின் முன்பணச் சந்தாவாக வைத்தால் முடியும் தேதி அவர்கள் கணக்கில் இருக்கும். ஒருமுறை வாங்கும் பொருளாக வைத்து, முடியும் தேதியை எங்கள் சர்வரில் வைத்தால் தேர்வுத் தேதி மாறும்போது எல்லாருக்கும் ஒரே நேரத்தில் மாற்றிவிடலாம். அப்படியே செய்கிறேன். '90 நாள்' என்ற எழுத்தையும் எடுத்துவிட்டு 'தேர்வு நாள் வரை' என்று போடுகிறேன்.

---

நீர்வண்டி_ராஜா

தம்பி, அந்த நிறுத்தி வைக்கும் பட்டனை மறந்துவிடாதீர்கள். மாதச் சந்தாக்காரர் யாராவது ஊருக்குப் போனால் உதவும்.

---

கோவை_முரளி

மறக்கவில்லை அண்ணா. பிளேயிலேயே அதற்கு ஒரு வசதி இருக்கிறது, மாதச் சந்தாவுக்கு மட்டும் திறந்து வைக்கிறேன். தேர்வு முடிந்த வாரத்தில் ரத்து செய்ய வருகிறவருக்கு கொஞ்ச காலம் நிறுத்தி வைக்கலாமா என்று அதைத்தான் முதலில் காட்டப் போகிறேன்.